டிராக், டேக்: சிறு பங்குதாரர் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய இரண்டு பிரிவுகள்

பங்குதாரர் உடன்படிக்கை முப்பது நாற்பது பக்கம் ஆங்கிலத்தில் வரும். அதன் நடுவில், பங்கு மாற்றம் பற்றிய பகுதியில், 'டிராக்-அலோங்', 'டேக்-அலோங்' என்று இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து இருக்கும். கொழும்பில் குடும்பத்தாரோடோ நண்பர்களோடோ கம்பனியில் காசு போட்டவர்கள் பலர் இந்த இடத்தை வாசிக்காமல் புரட்டிவிடுவார்கள். இலாபப் பங்கு, பணிப்பாளர் பதவி பற்றிய பக்கங்கள்தான் கண்ணில் படும். ஆனால் போட்ட காசு எவ்வளவாகத் திரும்பி வரும் என்பதைத் தீர்மானிப்பவை இந்த இரண்டு பிரிவுகள்தான்.

டேக் என்பது கூடப் போகும் உரிமை. பெரிய பங்குதாரர் தன் பங்கை வெளியாருக்கு விற்கும்போது, "என்னுடையதையும் அதே விலைக்கு வாங்கச் சொல்" என்று கேட்க உங்களுக்கு அது இடம் தருகிறது. டிராக் என்பது இழுத்துப் போகும் உரிமை. பெரியவர்கள் கம்பனியை முழுதாக விற்க முடிவெடுத்தால், உங்களுக்கு விருப்பமில்லாவிட்டாலும் நீங்களும் விற்றாக வேண்டும். முதலாவது உங்களுடைய உரிமை, இரண்டாவது உங்கள் மேல் அவர்களுக்கு இருக்கும் உரிமை.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் தனியார் கம்பனியின் சிறு பங்குதாரருக்கு டேக் உரிமையைத் தானாகத் தருவதில்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனியில் ஒருவரின் கையிருப்பு 30 சதவீதத்தைத் தொட்டால், மற்றவர்களிடமும் வாங்க முன்வர வேண்டும் என்று கையேற்பு விதிக்கோவை கட்டாயப்படுத்துகிறது. வத்தளையில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் தொழிற்சாலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே தாளில் எழுதியது மட்டும்தான் உரிமை.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு போவோம். மசாலாத்தூள் பொதிசெய்து விற்கும் ஒரு தனியார் கம்பனி என்று கற்பனை செய்யுங்கள். மொத்தம் 10 இலட்சம் பங்குகள். நிறுவனரிடம் 6 இலட்சம், ஒரு முதலீட்டு நிதியத்திடம் இரண்டரை இலட்சம், உங்களிடம் 1 இலட்சம், நிறுவனரின் மைத்துனரிடம் 50,000. நிதியம் தன் பங்குக்கு 10 கோடி ரூபாய், அதாவது 100 மில்லியன், போட்டிருக்கிறது. நீங்கள் 10 சதவீதக்காரர்.

முதற்படி: இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

உடன்படிக்கையை மட்டும் வாசித்தால் போதாது. கம்பனியின் ஆர்ட்டிகல்ஸ் எனப்படும் அமைப்பு விதிகளும் வேண்டும். உடன்படிக்கை கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம். அமைப்பு விதிகள் கம்பனியையும், நாளை வரப்போகும் பங்குதாரர் உட்பட எல்லாப் பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தும். டேக் உரிமை உடன்படிக்கையில் மட்டும் இருந்து, அமைப்பு விதிகளில் இல்லையென்றால், அந்த உரிமையை மீறி நடந்த பங்கு மாற்றத்தைக் கம்பனி தன் பதிவேட்டில் பதிந்துவிடலாம். பிறகு நிறுவனருக்கு எதிராக நட்டஈடு கேட்டு வழக்காட வேண்டிவரும். பங்கு அதற்குள் புதியவர் பெயரில் இருக்கும்.

அமைப்பு விதிகளின் பிரதியைக் கம்பனிச் செயலாளரிடம் கேட்கலாம். அவர் இழுத்தடித்தால், கொழும்பு 10இல் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் 'சமாகம் மெதுர' கட்டிடத்தில் இருக்கும் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திச் சான்றுப்படுத்திய பிரதியை எடுக்கலாம். பதிவாளரிடம் இருப்பது அமைப்பு விதிகள்தான். பங்குதாரர் உடன்படிக்கை அங்கே கிடைக்காது, அது உங்களுக்குள் இருக்கும் தாள்.

இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். டிராக், டேக் இரண்டும் அமைப்பு விதிகளிலும் இருக்கின்றனவா? இரண்டு ஆவணங்களும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்று உடன்படிக்கை சொல்கிறதா? உடன்படிக்கைக்கு ஏற்ப அமைப்பு விதிகளைத் திருத்த எல்லோரும் வாக்களிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா?

இன்னொரு ஓட்டை உண்டு. அமைப்பு விதிகளை விசேட தீர்மானத்தால் மாற்றலாம், அதற்கு 75 சதவீத வாக்குப் போதும். நம் கணக்கில் நிறுவனரும் நிதியமும் சேர்ந்தால் 85 சதவீதம். நீங்களும் மைத்துனரும் சேர்ந்தே 15தான், தடுக்க முடியாது. ஆகவே "டேக், டிராக் பிரிவுகளை ஒவ்வொரு சிறு பங்குதாரரின் எழுத்துமூலச் சம்மதமின்றி மாற்றுவதற்கு எவரும் வாக்களிக்க மாட்டார்" என்ற ஒரு வரி உடன்படிக்கையில் இருக்க வேண்டும். உடன்படிக்கையைத் திருத்தும் பிரிவையும் பாருங்கள். "75 சதவீதப் பங்குதாரர் சம்மதித்தால் திருத்தலாம்" என்று அங்கே இருந்தால், மேலே வாங்கிய வரியே அந்த வழியால் போய்விடும்.

இரண்டாம் படி: டேக் எப்போது விழித்துக்கொள்ளும்?

உரிமை இருக்கிறது என்பதை விட, எந்தச் சம்பவம் அதை எழுப்புகிறது என்பது முக்கியம். "எந்தப் பங்குதாரரும் மூன்றாம் நபருக்கு 50 சதவீதத்துக்கு மேல் விற்றால்" என்று எழுதியிருந்தால், நிறுவனர் 49 சதவீதம் விற்கும்போது உங்கள் உரிமை தூங்கிக்கொண்டே இருக்கும். நான்கு தவணையாகப் பதினைந்து பதினைந்து சதவீதம் விற்றாலும் அதே கதைதான். இதற்கு மருந்து, "பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு மாதங்களுக்குள் செய்த விற்பனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்" என்ற வாசகம்.

அதைவிட அடிக்கடி தப்பிப்போவது மறைமுக விற்பனை. நிறுவனர் தன் 6 இலட்சம் பங்கை நேரடியாக வைத்திருக்காமல், தனக்கு மட்டும் சொந்தமான இன்னொரு கம்பனியின் பெயரில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அவர் அந்தத் தாய்க்கம்பனியை விற்றால், மசாலாக் கம்பனியின் பதிவேட்டில் ஒரு எழுத்தும் மாறாது. பங்கு மாற்றமே நடக்கவில்லை, ஆகவே டேக் கிடையாது என்று வாதிடலாம். பிரிவில் "நேரடியாகவோ மறைமுகமாகவோ", "பங்கு வைத்திருக்கும் கம்பனியின் கட்டுப்பாடு கைமாறினாலும்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஆங்கிலத்தில் 'இன்டிரெக்ட்', 'சேன்ஜ் ஒஃப் கொன்ட்ரோல்' என்று இருக்கும்.

குடும்பத்துக்குள் கைமாற்றுவதற்கு வழக்கமாக விலக்குத் தருவார்கள், மகனுக்கு எழுதிக்கொடுத்தால் டேக் வராது. அது நியாயம்தான். ஆனால் வாங்கிய மகன் உடன்படிக்கையில் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். மகனுக்குச் சொந்தமான கம்பனிக்கு மாற்றியிருந்தால், அது குடும்பத்தை விட்டு வெளியே போகும் நாளில் பங்கு திரும்பி வர வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் இல்லாவிட்டால் விலக்கு ஒரு பின்கதவாகிவிடும்.

மூன்றாம் படி: முழு டேக்கா, விகித டேக்கா?

இங்கேதான் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். கண்டியைச் சேர்ந்த ஒரு பெரிய வியாபாரக் குழுமம் நிறுவனரிடம் ஐந்தரை இலட்சம் பங்குகளை, பங்கு ஒன்று 300 ரூபாய்ப்படி கேட்கிறது. வாங்கினால் கம்பனியின் 55 சதவீதம் அவர்கள் கையில்.

பெரும்பாலான வரைவுகளில் இருப்பது விகித டேக். 'ப்ரோ ராட்டா' என்று எழுதியிருக்கும். வாங்குபவர் கேட்ட எண்ணிக்கை அதிகரிக்காது. அதற்குள் நீங்கள் உங்கள் பங்குக்கு இடம்பிடிக்க வேண்டும். நிறுவனரிடம் 6 இலட்சம், உங்களிடம் 1 இலட்சம். நீங்கள் மட்டும் டேக் கேட்டால், கேட்கப்பட்ட ஐந்தரை இலட்சத்தில் ஏழில் ஒரு பங்கு உங்களுடையது: 78,571 பங்குகள், சுமார் 2 கோடி 36 இலட்சம் ரூபாய். மிச்சம் 471,429 நிறுவனருடையது.

உங்கள் கையில் 21,429 பங்குகள் மிஞ்சும். 300 ரூபாய்ப்படி பெருக்கினால் 64 இலட்சம் என்று வரும். ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. கம்பனி இப்போது முன்பின் தெரியாத பெரும்பான்மைக்காரர் கையில், உங்களிடம் 2 சதவீதம். இலாபப் பங்கு அறிவிப்பதா இல்லையா என்பது அவர்கள் முடிவு.

நிதியமும் மைத்துனரும் டேக் கேட்டால் நிலைமை இன்னும் இறுகும். அப்போது பத்து இலட்சமும் வரிசையில் நிற்கிறது. உங்களுக்கு 55,000 பங்குகள்தான் விற்கக் கிடைக்கும், 45,000 தங்கிவிடும்.

ஆகவே கேட்க வேண்டியது இரட்டை ஏற்பாடு. சின்ன விற்பனைக்கு விகித டேக் இருக்கட்டும். கட்டுப்பாடு கைமாறும் விற்பனைக்கு, அதாவது வாங்குபவர் 50 சதவீதத்தைத் தாண்டினாலோ நிறுவனர் அதற்குக் கீழே இறங்கினாலோ, முழு டேக் வேண்டும். உங்கள் 1 இலட்சத்தையும் வாங்காமல் அவர் நிறுவனரிடம் வாங்க முடியாது. வாங்குபவர் மறுத்தால், நிறுவனரே அதே விலைக்கு உங்களிடம் வாங்க வேண்டும், அல்லது விற்பனையே நிற்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாத டேக் பிரிவுகள் நிறைய உண்டு. அவற்றில் உரிமை எழுதியிருக்கும், மீறினால் என்ன நடக்கும் என்பது எழுதியிருக்காது.

"அதே விலை" என்ற சொல்லையும் சும்மா விடாதீர்கள். பங்குக்கு 300 ரூபாய் என்று காட்டிவிட்டு, நிறுவனருக்கு மட்டும் மூன்று வருட ஆலோசனைக் கட்டணம், போட்டியாகத் தொழில் செய்யாமலிருக்க ஒரு தொகை, அவருடைய சொந்தக் களஞ்சியத்துக்குச் சந்தையை விஞ்சிய வாடகை என்று வேறு வழிகளில் காசு போகலாம். "நிறுவனரோ அவரைச் சார்ந்தவரோ எந்தப் பெயரில் பெற்றாலும் அது விலையின் பகுதியாகக் கொள்ளப்படும், உண்மையில் செய்யும் வேலைக்கான நியாயமான சம்பளம் தவிர" என்று எழுதச் சொல்லுங்கள். சம்பளத்துக்கு விலக்குக் கொடுக்காமல் நின்றால் பேச்சுவார்த்தை அங்கேயே முறியும். அந்த அளவுக்குப் பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை.

நான்காம் படி: டிராக்கில் யார் கயிற்றைப் பிடித்திருக்கிறார்?

டிராக் பிரிவே வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பலிக்காது. கம்பனியை முழுதாக வாங்க வருபவர் 100 சதவீதத்தையும் கேட்பார், பத்துச் சதவீதக்காரர் ஒருவர் விலையை ஏற்றுவதற்காக மறித்துக்கொண்டு நிற்பதை அவர் பொறுக்க மாட்டார். டிராக் இல்லாத கம்பனிக்கு நல்ல விலை வராது, அந்த இழப்பில் உங்களுக்கும் பங்குண்டு. பேச வேண்டியது நிபந்தனைகளை.

முதலில் எத்தனை சதவீதம் சேர்ந்தால் இழுக்கலாம் என்று பாருங்கள். 51 என்றிருந்தால் நம் கணக்கில் நிறுவனர் ஒருவரே போதும். 75 என்றால் அவருக்கு நிதியம் வேண்டும். எந்தப் பங்குகளைச் சேர்த்து எண்ணுவது, சாதாரணப் பங்கு மட்டுமா, நிதியத்தின் முன்னுரிமைப் பங்கும் சேருமா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கணக்கு மாறினால் அறிவித்தல் செல்லுமா செல்லாதா என்பதே மாறிவிடும்.

பிறகு, நிதியத்துக்குத் தனியாக இழுக்கும் உரிமை இருக்கிறதா என்று தேடுங்கள். "முதலீடு செய்து ஐந்து வருடத்துக்குப் பிறகு முதலீட்டாளர் தனியாகவே டிராக் செய்யலாம்" என்ற ஒரு வரி முதலீட்டு உடன்படிக்கைகளில் அடிக்கடி வரும். அதன் ஆபத்து அந்த வரியில் தெரியாது. காசு பிரிக்கும் பிரிவோடு சேர்த்து வாசித்தால்தான் தெரியும்.

ஐந்தாம் படி: காசு எப்படிப் பிரியும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்

கம்பனி முழுவதற்கும் 30 கோடி ரூபாய் விலை வந்திருக்கிறது, டிராக் அறிவித்தலும் வந்துவிட்டது. 10 சதவீதக்காரர் மனதில் உடனே ஓடுவது "எனக்கு 3 கோடி" என்பது. நிதியத்திடம் முன்னுரிமைப் பங்கு இருந்தால் அந்தக் கணக்கு பிழை.

'லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ்' என்று ஒரு பிரிவு இருக்கும். கம்பனி மூடினாலோ விற்கப்பட்டாலோ நிதியம் தான் போட்டதை முதலில் எடுத்துக்கொள்ளும். அது இரண்டு விதம். முதல் விதத்தில் நிதியம் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்: போட்ட 10 கோடியை எடு, அல்லது மற்றவர்களைப் போல 25 சதவீதம் எடு. 30 கோடியில் 25 சதவீதம் ஏழரைக் கோடிதான், ஆகவே 10 கோடியை எடுக்கும். மிச்சம் 20 கோடி, மற்ற ஏழரை இலட்சம் பங்குகளுக்குப் பிரியும். பங்கு ஒன்றுக்கு 266 ரூபாய் 67 சதம், உங்களுக்குச் சுமார் 2 கோடி 67 இலட்சம்.

இரண்டாம் விதம் 'பார்ட்டிசிபேட்டிங்'. நிதியம் 10 கோடியையும் எடுக்கும், பிறகு மிச்ச 20 கோடியிலும் 25 சதவீதம் எடுக்கும். அதன் கைக்கு 15 கோடி. உங்களுக்கு 2 கோடி. ஒரே விலை, ஒரே பத்துச் சதவீதம், ஆனால் ஒரு சொல்லால் சுமார் 67 இலட்சம் குறைந்துபோகிறது.

இப்போது நிதியத்தின் தனி டிராக்குக்கு வருவோம். ஐந்து வருடம் கழிந்துவிட்டது, நிதியம் தன் முதலீட்டாளருக்குக் காசைத் திருப்ப வேண்டிய அவசரத்தில் இருக்கிறது. ஒருவர் கம்பனிக்கு 10 கோடி தருகிறார். நிதியத்துக்குப் போட்டது அப்படியே கிடைக்கும், அது சம்மதித்துவிடும். உங்களுக்கும் நிறுவனருக்கும் மைத்துனருக்கும் கிடைப்பது பூச்சியம். உடன்படிக்கைப்படி மூவரும் கையெழுத்துப் போட்டுப் பங்கைக் கொடுக்க வேண்டியதுதான்.

இது கற்பனைப் பயமல்ல. அமெரிக்காவில் டிராடோஸ் என்ற மென்பொருள் கம்பனி 2005இல் 60 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டபோது, முன்னுரிமைப் பங்குதாரருக்கு 52.2 மில்லியனும் முகாமையாளர்களுக்கு 7.8 மில்லியனும் போயின. சாதாரணப் பங்குதாரருக்கு ஒன்றுமில்லை. அங்கே விற்பனை நடந்தது பணிப்பாளர் சபை ஒப்புக்கொண்ட ஒன்றிணைப்பு வழியால், டிராக் பிரிவால் அல்ல. ஆனால் காசு பிரிந்த விதம் இதுதான். வழக்கு டெலவெயர் நீதிமன்றத்தில் 2013 வரை இழுபட்டது. சாதாரணப் பங்குக்கு அந்நேரம் பெறுமதியே இருக்கவில்லை என்று சொல்லி, விற்பனை நியாயமானதே என நீதிமன்றம் தீர்த்தது.

இதற்கு எதிரான அணை, குறைந்தபட்ச விலை. "சாதாரணப் பங்கு ஒன்றுக்குக் கையில் கிடைக்கும் தொகை இவ்வளவுக்குக் குறைந்தால் டிராக் செல்லாது" என்று எழுத வேண்டும். "கம்பனியின் மொத்த விலை இவ்வளவுக்குக் குறையக்கூடாது" என்று எழுதினால் போதாது. மேலே பார்த்தபடி மொத்த விலைக்கும் உங்கள் கைக்கும் நடுவில் நிதியம் நிற்கிறது, வங்கிக் கடனும் நிற்கும். எண் எதுவென்று பேசும்போது, நீங்கள் போட்ட விலையோடு வருடத்துக்கு ஒரு வீதம் கூட்டிய தொகை என்பது இரு பக்கமும் ஏற்கக்கூடிய தொடக்கம். அதற்கு ஒத்துவராவிட்டால், சுயாதீனமான கணக்காளர் ஒருவர் மதிப்பிட்ட நியாய விலைக்குக் குறையக்கூடாது என்று கேளுங்கள். அந்தக் கணக்காளரை யார் நியமிப்பது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால், கம்பனியின் வழக்கமான கணக்காய்வாளரே வந்து நிற்பார்.

விலை காசாக வருகிறதா என்பதும் முக்கியம். வாங்குபவர் தன்னுடைய கம்பனியின் பங்கைக் கொடுத்து உங்களுடையதை வாங்கலாம். அப்போது ஒரு தனியார் கம்பனியின் சிறு பங்குதாரராக இருந்தவர் இன்னொரு தனியார் கம்பனியின் அதைவிடச் சிறிய பங்குதாரராகிறார். "காசு, அல்லது பங்குச் சந்தையில் உடனே விற்கக்கூடிய பங்கு மட்டும்" என்று கட்டுப்படுத்துங்கள்.

ஆறாம் படி: விற்ற பிறகும் தொடரும் பொறுப்பு

பங்கை வாங்குபவர் உறுதிமொழிகள் கேட்பார்: வரி பாக்கியில்லை, வழக்கில்லை, ஊழியர் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்பட்டது. பொய்யாக இருந்தால் நட்டஈடு. தொழிலை நடத்தும் நிறுவனருக்கு இவை தெரியும். வருடத்துக்கு ஒருமுறை கூட்டத்துக்குப் போகும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் "அதே நிபந்தனைகளில்" இழுக்கப்படும்போது நீங்களும் அதே தாளில் கையெழுத்திடுகிறீர்கள்.

'ஜொயின்ட்லி அண்ட் செவரலி' என்ற மூன்று சொல் அந்தத் தாளில் இருந்தால், விற்பனைக்குப் பிறகு 6 கோடி ரூபாய் வரி பாக்கி வெளிவந்ததும் முழு 6 கோடியையும் வாங்குபவர் உங்களிடமே கேட்கலாம். நீங்கள் பெற்றதோ 3 கோடிக்குள். நிறுவனர் அதற்குள் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ குடியேறியிருந்தால், கொழும்பில் சொத்து வைத்திருக்கும் ஆளைத்தான் முதலில் தேடி வருவார்கள். 'செவரலி' மட்டும் இருந்தால் உங்கள் பங்கு 10 சதவீதம், 60 இலட்சம்.

டிராக் பிரிவிலேயே இதற்கு வேலி போட வேண்டும், விற்பனை நாளில் கேட்டால் நேரமிருக்காது. பங்கு என்னுடையது, அடமானத்தில் இல்லை, விற்க எனக்கு அதிகாரம் உண்டு என்ற உறுதிமொழிகளை மட்டுமே நீங்கள் தருவீர்கள். மற்றவற்றில் பொறுப்பு உங்கள் விகிதத்துக்கு மட்டும். எப்படிப் போனாலும் கைக்கு வந்த தொகையைத் தாண்டாது. போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற தடையும் உங்கள் மேல் வராது. செட்டியார் தெருவில் உங்களுக்குச் சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை இருந்தால், இந்தக் கடைசி வரி விலையைவிடப் பெரியதாகிவிடும்.

விலையின் ஒரு பகுதியை மூன்றாம் தரப்புக் கணக்கில் நிறுத்திவைப்பதும் வழக்கம், உதாரணமாகப் பத்துச் சதவீதம் பதினெட்டு மாதத்துக்கு. எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் நிறுத்தப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏழாம் படி: அறிவித்தலும் நாட்கணக்கும்

டேக் உரிமைக்குக் காலக்கெடு உண்டு. விற்பனை அறிவித்தல் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் தராவிட்டால் உரிமையைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும் என்று எழுதியிருப்பார்கள். அது வேலை நாளா, நாட்காட்டி நாளா? ஏப்ரல் 9ஆம் திகதி வந்த அறிவித்தலுக்கு நாட்காட்டிக் கணக்கில் 14 நாள் என்றால், சித்திரைப் புத்தாண்டு நடுவில் விழுகிறது. வங்கி மூடியிருக்கும், சட்டத்தரணி ஊருக்குப் போயிருப்பார். வேலை நாள் என்றால் போயா, வங்கி விடுமுறை எல்லாம் கழியும். 'பிசினஸ் டே' என்பதற்கு உடன்படிக்கையின் முதற் பக்கங்களில் என்ன விளக்கம் இருக்கிறது என்று பாருங்கள். டேக்குக்குக் குறைந்தது 20 வேலை நாள் கேட்பது அதிகமில்லை.

முகவரியிலும் ஆட்கள் தவறவிடுகிறார்கள். கையெழுத்திடும்போது கொட்டாஞ்சேனையில் இருந்தீர்கள், இப்போது வெள்ளவத்தை. பதிவுத் தபால் பழைய முகவரிக்குப் போய் மூன்று நாள் ஆனால் "கிடைத்ததாகக் கொள்ளப்படும்" என்று உடன்படிக்கை சொல்லும். வீடு மாறினால் கம்பனிச் செயலாளருக்கு எழுதி, பிரதியில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும் என்று பிரிவில் சேர்க்கலாம்.

அறிவித்தலில் வாங்குபவர் பெயர், பங்கு எண்ணிக்கை, விலை, காசு தரும் முறை, மறைவான வேறு கொடுப்பனவு இல்லை என்ற உறுதி, கையெழுத்திடப்போகும் விற்பனை ஒப்பந்தத்தின் பிரதி ஆகியவை இருக்க வேண்டும். டிராக் அறிவித்தலுக்கு ஆயுளும் வேண்டும்: 90 அல்லது 120 நாளுக்குள் விற்பனை முடியாவிட்டால் அது காலாவதி. இல்லாவிட்டால் உங்கள் பங்கு மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

டிராக் பிரிவின் கடைசியில் அற்றோணித் தத்துவம் ஒன்று ஒளிந்திருக்கும். நீங்கள் கையெழுத்திட மறுத்தால், உங்களுக்காகப் பணிப்பாளர் ஒருவர் கையெழுத்திடலாம் என்பது அது. முற்றாக நீக்கச் சொன்னால் ஒப்ப மாட்டார்கள். ஆனால் அதைக் குறுக்கலாம். பிரிவின்படி சரியான அறிவித்தல் வந்து, கெடு முடிந்து, உங்கள் பணம் தனிக் கணக்கில் வைப்பிலிடப்பட்ட பின்னர் மட்டுமே அது உயிர்பெற வேண்டும்.

அறிவித்தல் வந்துவிட்டால்

கடித உறையோடு சேர்த்துத் திகதியைக் குறித்துவையுங்கள். அன்றே சதவீதத்தை எண்ணுங்கள்: கையெழுத்திட்டவர்கள் உண்மையில் வரம்பைத் தொடுகிறார்களா? வாங்குபவர் யார்? நிறுவனரின் உறவினருக்கோ அவர் பின்னணியில் இருக்கும் கம்பனிக்கோ விற்பதற்கு டிராக் பயன்படக்கூடாது, 'போனா ஃபைட் தேர்ட் பார்ட்டி' என்ற சொல் அதற்காகத்தான். பணம் எப்படிப் பிரிகிறது என்று ஒரு அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். மேலே போட்ட கணக்கைப் போலவே அது இருக்கும், உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள்.

பிழை இருந்தால் மௌனமாக இருக்காதீர்கள். கெடுவுக்குள், எந்தப் பிரிவின்படி எது பிழை என்று எழுதுங்கள், "என் உரிமைகளைக் கைவிடாமல்" என்ற சொற்களோடு. உடன்படிக்கையில் நடுத்தீர்ப்புப் பிரிவு இருந்தால் பிணக்கு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி போகும். இல்லாவிட்டால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். இரண்டிலும் சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வி, அறிவித்தல் என்றைக்குக் கிடைத்தது, நீங்கள் என்றைக்குப் பதில் எழுதினீர்கள் என்பதுதான். புதுக்கடையில் நீங்கள் பார்க்கும் சட்டத்தரணி கம்பனி வேலை செய்பவரா என்று முதலில் கேளுங்கள். காணி உறுதியில் கெட்டிக்காரர் எல்லோருக்கும் முன்னுரிமைப் பங்கின் கணக்குத் தெரிந்திருக்காது.

எல்லாம் சரியென்றால், பங்கு மாற்றப் பத்திரத்தையும் பங்குச் சான்றிதழையும் முன்கூட்டிக் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் சட்டத்தரணியிடம் இருக்கட்டும். காசு உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்தது உறுதியானதும் அவர் கொடுப்பார். பட்டியலிடாத கம்பனிப் பங்கை விற்ற ஆதாயத்துக்கு 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி மூலதன ஆதாய வரி உண்டு. அதை நீங்கள்தான் கட்ட வேண்டும், நிறுவனரோ வாங்குபவரோ கட்ட மாட்டார். அதற்கு நீங்கள் பங்கை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற அத்தாட்சி வேண்டும். அந்தப் பழைய வங்கிச் சிட்டையை இன்றைக்கே தேடி எடுத்து உடன்படிக்கையோடு வைத்துவிடுங்கள்.